ஒயின் ஊற்றிச் சமைத்தால் ஆல்கஹால் எவ்வளவு மிஞ்சும்? சுண்டவைக்கும் முறையும் மாற்றுப் பொருட்களும்

"கொதித்தவுடன் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும்" என்று பல சமையல் குறிப்புகள் உறுதியாகச் சொல்கின்றன. புதிதாக ஒயினோ பீரோ பிராந்தியோ சேர்த்துச் சமைக்கத் தொடங்குபவர்கள் அதை நம்பி விருந்தினருக்கும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். இது தவறு. குழந்தைக்கோ, கர்ப்பிணிக்கோ, குடியை விட்டு மீண்டு வருபவருக்கோ பரிமாறும்போது இந்தத் தவறு சிறியதும் அல்ல. நல்ல வேளையாக, பாத்திரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஓரளவு கணக்கிடலாம். அதைப் பெருமளவு குறைக்கவும் எளிய வழி இருக்கிறது. ஒயினே இல்லாமல் அதே சுவைக்கு அருகில் போகவும் முடியும். சிவப்பு ஒயின் ஊற்றிச் செய்யும் இறைச்சி ஸ்டியூ ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் படிப்படியாகப் பார்ப்போம். மற்றவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஏன் எல்லாம் போய்விடுவதில்லை

ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ், தண்ணீருக்கு 100 டிகிரி. இதைப் படித்தவர்கள், பாத்திரம் 78 டிகிரியைத் தொட்டதும் ஆல்கஹால் மட்டும் கிளம்பிப் போய்விடும் என்று எண்ணுகிறார்கள். இரண்டும் கலந்திருக்கும்போது அப்படி நடப்பதில்லை. 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் ஏறத்தாழ 91 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்கும். எழும் ஆவியில் ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். திரவத்தில் இருப்பதைவிட ஆவியில் ஆல்கஹாலின் பங்கு பல மடங்கு அதிகம் என்பதால் அதுதான் முந்திக்கொண்டு வெளியேறுகிறது. ஆனாலும் ஒரு பகுதி எப்போதும் பின்தங்கி நிற்கும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் பலவகை உணவுகளைச் சமைத்து, மிஞ்சிய ஆல்கஹாலை அளந்து 1992-இல் வெளியிட்டார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையும் சமையலில் மிஞ்சும் ஆல்கஹாலுக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி, கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் அப்படியே இருக்கும். கலந்து கால் மணி நேரம் சிறு தீயில் வைத்தால் 40 சதவீதம் மிஞ்சும். அரை மணியில் 35, ஒரு மணியில் 25, இரண்டு மணியில் 10, இரண்டரை மணியில் 5 சதவீதம். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, அதற்குப் பிறகு மிக மெதுவாகத்தான் குறைகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நேரத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். மூடியை இறுக்கி மூடிய குறுகிய பாத்திரத்தில் ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக மீண்டும் குழம்பிலேயே விழுகிறது. அப்படி ஒரு மணி நேரம் வைத்ததைவிட, மூடாத அகலப் பாத்திரத்தில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதித்ததில் அதிகமாக வெளியேறியிருக்கலாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி, பாத்திரத்தை விட்டு எவ்வளவு ஆவி உண்மையாகவே வெளியே போனது என்பதே. பிராந்தி காய்ச்சுபவர்களுக்கு இது பழைய பாடம். அவர்கள் ஒயினைக் கொதிக்க வைத்து, அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கை ஆவியாக்கிப் பிடித்தால், ஒயினில் இருந்த ஆல்கஹாலில் பெரும்பகுதி அந்த ஆவியோடு வந்துவிடுகிறது. கொதிகலனில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் புளிப்பும்தான். அடுப்படியில் நமக்கு வேண்டியது அந்த மிச்சம்.

ஸ்டியூவில் ஒயினைச் சேர்க்கும் முறை

ஐந்து பேருக்கு: ஒரு கிலோ இறைச்சி, இரண்டு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, 375 மில்லி சிவப்பு ஒயின், அரை லிட்டர் உப்பில்லாத ஸ்டாக், அதாவது எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு. 375 மில்லி என்பது வழக்கமான 750 மில்லி பாட்டிலில் பாதி.

முதலில் ஆல்கஹால் கணக்கு. மில்லி அளவைச் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 13 சதவீத ஒயின் 375 மில்லியில் சுமார் 49 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, எடையில் ஏறத்தாழ 38 கிராம். பல நாடுகளில் ஓர் அளவுக் குடி என்பது 10 கிராம் ஆல்கஹால். ஆக, பாத்திரத்துக்குள் நாலு குடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. இந்தக் கணக்கை ஊற்றுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று சொல்ல வழியே இல்லை.

ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது இனிப்பில்லாததாக, துவர்ப்பு குறைந்ததாகப் பாருங்கள். சுண்டச் சுண்டப் புளிப்பும் துவர்ப்பும் செறிவாகிக்கொண்டே போகும். குடிக்கும்போது நாக்கை வறட்டும் ஒயின், பாதியாகச் சுண்டியதும் கசப்பு போலத் தெரியும். "சமையல் ஒயின்" என்ற பெயரில் விற்பவற்றில் பலவற்றில் உப்பு சேர்த்திருக்கிறார்கள். அதைச் சுண்டவைத்தால் குழம்பு வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். அவற்றை வாங்கவே வேண்டாம். பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமல் பூசியதாகவோ இருக்கட்டும். பூச்சில்லாத அலுமினியத்திலும் இரும்பிலும் ஒயினின் புளிப்பு பட்டால் உலோக வாடை ஏறும்.

இறைச்சியை எண்ணெயில் எல்லாப் பக்கமும் நன்கு சிவக்க வறுத்துத் தனியே எடுத்து வைக்கவும். அதே பாத்திரத்தில் வெங்காயத்தையும் கேரட்டையும் வதக்கி, தக்காளி விழுதைச் சேர்த்து அது கருஞ்சிவப்பாகும் வரை கிளறவும். இப்போது அடியில் ஒரு பழுப்புப் படலம் பிடித்திருக்கும். ஸ்டியூவின் சுவையில் பெரும்பங்கு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது, கருக விடாதீர்கள்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒயினையும் ஸ்டாக்கையும் சேர்த்து ஊற்றி, மூடி போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒயினின் ஆல்கஹால் ஏறத்தாழ ஒரு லிட்டர் திரவத்தில் கரைந்து பரவிவிடுகிறது. அதை வெளியேற்ற அந்த ஒரு லிட்டரிலிருந்தும் நிறைய ஆவி போக வேண்டும். மாறாக ஒயினை மட்டும் முதலில் ஊற்றுங்கள். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிப் படலத்தைக் கரைத்து, மூடாமல், பெரிய தீயில் கொதிக்க விடுங்கள். 375 மில்லி பாதியாகச் சுண்ட வேண்டும். அகலமான பாத்திரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். இந்தச் சில நிமிடங்கள், பின்னால் மூடியோடு கழியும் பல மணி நேரத்தைவிட அதிக வேலை செய்கின்றன.

பாதியாகிவிட்டதா என்று கண்ணால் மட்டும் சொல்வது கடினம். வெங்காயமும் கேரட்டும் இருப்பதால் மட்டம் உயர்ந்து தெரியும். சமையலறைத் தராசு இருந்தால் சந்தேகமே வேண்டாம். தராசின் மேல் தடித்த துணியையோ சிறு பலகையையோ வைத்து, ஒயின் ஊற்றியவுடன் பாத்திரத்தை ஒருமுறை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் இடையில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். முதல் எடையிலிருந்து சுமார் 190 கிராம் குறைந்திருந்தால் ஒயின் பாதியாகிவிட்டது. தராசு இல்லாவிட்டால் மரக்கரண்டியின் காம்பை நேராக நிறுத்தி, திரவம் நனைத்த உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பின்னால் ஒப்பிடலாம். அது துல்லியமில்லை, ஆனால் வெறும் ஊகத்தைவிட மேல்.

மூக்கும் உதவும். ஒயின் கொதிக்கத் தொடங்கியபோது ஆவியின் அருகே முகத்தைக் கொண்டுபோனால் மூக்கைக் குத்தும் ஒரு காரம் தெரியும், சில சமயம் கண் கூசும். சுண்டியபிறகு அந்தக் குத்தல் அடங்கி, பழமும் வெங்காயமும் கலந்த இனிய மணம் வரும். நாக்கில் வைத்தால் தொண்டையில் சுடும் உணர்வு இருக்காது. இந்தச் சோதனை சுவைக்கு மட்டும்தான். ஆல்கஹால் அறவே இல்லை என்பதற்கு மூக்கு சாட்சி ஆகாது. சில கிராம் மிஞ்சியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

இனி இறைச்சியையும் ஸ்டாக்கையும் சேர்த்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து, சிறு தீயில் இரண்டரை மணி நேரம் வேகவிடவும். அவ்வப்போது கிளறவும். அட்டவணையின்படி, ஒயினைத் தனியே சுண்டவைக்காமல் இரண்டரை மணி நேரம் வேகவைத்தாலே 5 சதவீதம்தான் மிஞ்சும். 38 கிராமில் அது இரண்டு கிராமுக்கும் குறைவு, ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு அரை கிராமுக்கும் கீழே. முன்கூட்டியே சுண்டவைத்தால் இன்னும் குறையும். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது பொருட்படுத்தும் அளவு இல்லை. பூஜ்யம் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

காய்கறி ஸ்டியூ செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காளானும் உருளைக்கிழங்கும் அரை மணி நேரத்தில் வெந்துவிடும், இரண்டரை மணி நேரம் கொதிக்க வைக்க முடியாது. அதே 375 மில்லி ஒயினை நேராக ஊற்றி அரை மணியில் இறக்கினால் 35 சதவீதம், அதாவது 13 கிராம் மிஞ்சும். ஓர் அளவுக் குடிக்கும் மேலே. சைவ ஸ்டியூவில்தான் ஆல்கஹால் குறைவாக இருக்கும் என்று நினைப்பவர்கள் பலர், நிலைமை தலைகீழ். ஆகவே காய்கறி சமைக்கும்போது ஒயினைத் தனியே பாதிக்கும் கீழே சுண்டவைக்கும் படியைத் தவிர்க்கவே கூடாது.

இறக்கும் நேரத்தில் "மணத்துக்காக" இன்னும் ஒரு கரண்டி ஒயின் ஊற்றச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அந்தக் கரண்டியில் 85 சதவீதம் தட்டுக்கு வந்து சேரும். அதுவரை பொறுமையாகச் சுண்டவைத்த உழைப்பு அதில் ஓரளவு வீணாகிவிடும். கடைசியில் பொலிவு வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாறு சில துளிகள் பிழியுங்கள்.

தீ மூட்டினால் எரிந்துவிடாதா?

வாணலியில் பிராந்தி ஊற்றித் தீ மூட்டுவதைப் பார்த்தவர்கள், ஆல்கஹால் முழுவதும் எரிந்துவிட்டது என்றே நம்புவார்கள். உண்மையில் எரிவது திரவத்துக்கு மேலே மிதக்கும் ஆவி. ஆல்கஹால் குறையக் குறைய அந்த ஆவியில் தண்ணீரின் பங்கு கூடி, ஒரு கட்டத்தில் தீ தானாக அணைந்துவிடுகிறது. அப்போதும் திரவத்தில் நிறைய மிச்சம் இருக்கும். அட்டவணை தரும் எண் 75 சதவீதம். நான்கு பேருக்கான பழ இனிப்பில் 40 சதவீத பிராந்தி 60 மில்லி ஊற்றினால் 19 கிராம் ஆல்கஹால். தீ அணைந்தபின் மிஞ்சுவது 14 கிராம், தலைக்கு மூன்றரை. மேலே செய்த ஸ்டியூவின் ஒரு பங்கில் இருப்பதைப் போல ஏழு மடங்குக்கும் மேல். சுடர்விட்டு எரிந்த இனிப்பைக் குழந்தைக்குத் தயங்காமல் கொடுத்துவிட்டு, ஸ்டியூவைப் பார்த்து அஞ்சுவது நேர் எதிரான முடிவு.

தீ மூட்டுவது பெரும்பாலும் காட்சிக்காகத்தான், சுவையில் அது செய்யும் மாற்றம் சிறியது. புதியவர்கள் அதைத் தவிர்த்து, பிராந்தியைச் சிறு தீயில் சுண்டவைத்தாலே போதும் என்பது என் திடமான கருத்து. செய்தே தீருவேன் என்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றக் கூடாது, தீ பாட்டிலுக்குள் ஏறும் ஆபத்து உண்டு. அளந்து ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து ஊற்றுங்கள். புகைபோக்கி விசிறியை நிறுத்திவிடுங்கள். நீளமான தீக்குச்சியால், முகத்தை விலக்கிக்கொண்டு பற்றவையுங்கள். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீ அடங்காவிட்டால் மூடினால் அணைந்துவிடும்.

அதே ஸ்டியூ, ஒயின் இல்லாமல்

மாற்றுப் பொருள் தேடுபவர்கள் முதலில் திராட்சைச் சாற்றை நினைக்கிறார்கள். ஒயின் திராட்சையிலிருந்து வருவதால் அது இயல்பான எண்ணம்தான், ஆனால் 375 மில்லி ஒயினுக்கு 375 மில்லி திராட்சைச் சாறு ஊற்றினால் ஸ்டியூ கெட்டுவிடும். திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், இனிப்பில்லாத ஒயினில் சில கிராம்தான். சுண்டும்போது அது பாகாகி அடியில் ஒட்டிக் கருகும். குழம்பு ஜாம் போல இனிக்கும்.

ஒயின் குழம்புக்குத் தருவதில் முதன்மையானது புளிப்பு. லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் அமிலம். 375 மில்லிக்குச் சுமார் இரண்டேகால் கிராம். அதற்கு அடுத்து பழச்சுவை, நிறம், மெல்லிய துவர்ப்பு. ஆல்கஹாலுக்கும் ஒரு பங்கு உண்டு. தண்ணீரில் கரையாத சில மணங்களை அது கரைத்து மூக்குக்குக் கொண்டு சேர்க்கும். ஆனால் நீண்ட நேரம் வெந்த ஸ்டியூவில் அது பெரும்பாலும் போய்விடுகிறது என்று பார்த்தோம். ஆகவே அங்கே அதற்கு மாற்றுத் தேட வேண்டிய அவசியமே இல்லை. புளிப்பைச் சரியாக ஈடுசெய்தால் பாதிக்கு மேல் வெற்றி.

375 மில்லி சிவப்பு ஒயினுக்கு நான் சொல்வது இது: உப்பில்லாத ஸ்டாக் 250 மில்லி, சர்க்கரை சேர்க்காத மாதுளைச் சாறு 100 மில்லி, 5 சதவீத அமிலம் உள்ள வினிகர் ஒரு மேசைக்கரண்டி. மாதுளைச் சாற்றில் புளிப்பும் துவர்ப்பும் நிறமும் ஒன்றாக இருப்பதால் சிவப்பு ஒயினுக்கு அதைவிட நெருங்கிய பழச்சாறு எனக்குத் தெரிந்து இல்லை. வினிகர் ஒரு மேசைக்கரண்டியில் முக்கால் கிராம் அமிலம் இருக்கிறது, மாதுளையிலிருந்து ஒரு கிராமுக்கு மேல் வரும். குறையும் சிறு புளிப்பைக் கடைசியில் எலுமிச்சையால் நிரப்பலாம். முழுப் புளிப்பையும் வினிகரால் தொடக்கத்திலேயே கொடுக்காதீர்கள், குழம்பில் ஊறுகாய் வாடை ஏறிவிடும்.

செய்முறையில் ஓர் இடம் மாறும். வெங்காயமும் தக்காளி விழுதும் வதங்கியபின் முதலில் மாதுளைச் சாற்றையும் வினிகரையும் ஊற்றி, அடியைச் சுரண்டி, பாதியாகச் சுண்டவைக்கவும். இங்கே ஆல்கஹாலை விரட்டும் வேலை இல்லை. வினிகரின் மூக்கைத் துளைக்கும் வாடை அடங்குவதற்கும் சாற்றின் சுவை செறிவாவதற்கும்தான் இந்தப் படி. பிறகு முழு ஸ்டாக்கையும், அதாவது 750 மில்லியையும், இறைச்சியையும் சேர்க்கவும். நான்கைந்து உலர்ந்த காளான் துண்டுகளையும் போட்டால் ஒயின் தரும் ஆழமான சுவைக்கு இன்னும் அருகில் வரும். ஸ்டாக் உப்பில்லாததாக இருக்க வேண்டும் என்பதை மறுபடி சொல்கிறேன். கடையில் வாங்கும் உப்பு ஸ்டாக் இரண்டரை மணி நேரம் சுண்டினால் அதைக் காப்பாற்ற வழியில்லை.

வெந்து முடிந்ததும் ருசி பாருங்கள். குழம்பு தட்டையாக, நாக்கில் கனமாக உட்கார்ந்தால் புளிப்பு போதவில்லை. அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கலந்து, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். புளிப்பு முன்னுக்கு வந்துவிட்டால் சர்க்கரையை நாடாதீர்கள். ஒரு சிறு துண்டு வெண்ணெய் அதைத் தணிக்கும். இனிப்பு மேலோங்கினால் நீங்கள் வாங்கிய மாதுளைச் சாற்றில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள், பாட்டிலின் பின்புறத்தைப் படியுங்கள்.

வினிகரைப் பற்றி ஒரு செய்தி. ஒயின் வினிகர் ஒயினிலிருந்துதான் தயாராகிறது, அதில் மிகச் சிறிதளவு ஆல்கஹால் தங்கியிருக்கக்கூடும். மத நம்பிக்கையால் ஒயினைத் தவிர்ப்பவர்களுள் சிலர் அதை ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள். அவர்களைக் கேட்டுவிடுவதே மரியாதை. கேட்க வழியில்லாவிட்டால் வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு அதே அளவு சேர்க்கலாம். அதன் புளிப்பு ஏறத்தாழ அதே வலுவுடையது.

ஆல்கஹால் நீக்கிய ஒயினும் கடைகளில் கிடைக்கிறது. பெரும்பாலும் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். சிலவற்றில் சுவைக்காகச் சர்க்கரை கூட்டியிருப்பார்கள். சர்க்கரை குறைந்ததாகப் பார்த்து வாங்கினால் ஸ்டியூவுக்கு நேராக அதே அளவில் பயன்படுத்தலாம்.

வெள்ளை ஒயின், பீர், பிராந்தி, ரம்

வெள்ளை ஒயினுக்கு மாற்று இன்னும் எளிது. 150 மில்லிக்கு, உப்பில்லாத காய்கறி ஸ்டாக் 130 மில்லியும் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டியும் போதும். பழச்சுவை வேண்டுமானால் ஸ்டாக்கில் இரண்டு மேசைக்கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் வெள்ளைத் திராட்சைச் சாறு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பீரில் ஆல்கஹால் 5 சதவீத அளவில்தான் என்பதால் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் ஸ்டியூவுக்கு அரை லிட்டர் ஊற்றினால் 20 கிராம் சேர்ந்துவிடும். பீரை வைத்துச் சமைக்கும்போது பெரிய சிக்கல் கசப்பு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்கள் தரும் கசப்பு ஆவியாவதில்லை, சுண்டச் சுண்டக் கூடும். பாதியாகச் சுண்டவைக்கும் உத்தியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்தால் குழம்பு கசந்துவிடும். கசப்பு குறைந்த, மால்ட் மணம் மிகுந்த பீரைத் தேர்ந்தெடுத்து, மூடியை விலக்கி, நீண்ட நேரம் சிறு தீயில் வையுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் இதற்கு நன்றாகவே பொருந்தும், மால்ட்டும் கசப்பும் அதிலும் உண்டு. பொரிக்கும் மாவில் பீர் ஊற்றுவது முக்கியமாக அதன் குமிழிகளுக்காக. குளிர்ந்த சோடா தண்ணீரை அதே அளவு விட்டு உடனே பொரித்தால் மொறுமொறுப்பில் குறை இருக்காது, மால்ட் மணம் மட்டும் வராது.

பிராந்தி, ரம் சேர்க்கும் இனிப்புகளில்தான் உண்மையான எச்சரிக்கை தேவை. அவற்றில் பல அடுப்பையே பார்ப்பதில்லை. கேக்கின் மேல் ரம் ஊற்றி ஊறவைத்தாலோ, க்ரீமில் அடித்துக் கலந்தாலோ, ஊற்றியதில் பெரும்பகுதி அப்படியே தட்டுக்கு வரும். சூடில்லாமல் ஓர் இரவு வைத்ததற்கு அட்டவணை தரும் எண் 70 சதவீதம். மூடி வைத்தால் அதைவிடவும் அதிகம் மிஞ்சும் என்று எதிர்பார்க்கலாம். இப்படிப்பட்டவற்றில் ஆல்கஹாலைக் குறைக்க எந்தத் தந்திரமும் இல்லை, மாற்றுவது ஒன்றே வழி. உலர்ந்த பழங்களை ஊறவைக்க, பால் கலக்காத திடமான தேநீரும் ஆரஞ்சுச் சாறும் சரிபாதி சேர்ந்த கலவையைச் சூடாக ஊற்றுங்கள். தேநீரின் துவர்ப்பு ரம்மின் மரப்பீப்பாய்ச் சுவைக்கு ஈடுகொடுக்கும். ஊறவைத்த பழத்தை ஓர் இரவுக்கு மேல் வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ரம்மில் ஊறிய பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது ஆல்கஹாலால்தான், தேநீருக்கும் சாற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

யாருக்குப் பரிமாறுகிறீர்கள்

மேலே உள்ள கிராம் கணக்கு எல்லாருக்கும் ஒரே முடிவைத் தராது. மத நம்பிக்கையால் தவிர்ப்பவருக்கு அரை கிராமா, ஐந்து கிராமா என்பது கேள்வியே இல்லை, பாத்திரத்தில் ஒயின் போயிற்றா என்பதே கேள்வி. குடியிலிருந்து மீண்டு வருபவருக்கு அளவைவிட மணமும் சுவையும் ஆபத்தாகலாம், ஆகவே ஆல்கஹால் நீக்கிய ஒயினையும் ஆல்கஹால் இல்லாத பீரையும்கூட அவருக்குத் தவிர்க்க வேண்டும். மாதுளையும் ஸ்டாக்கும் சேர்ந்த முறையே பாதுகாப்பானது. குடியை நிறுத்துவதற்காக டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறிதளவு ஆல்கஹாலும் முகம் சிவத்தல், படபடப்பு, வாந்தி என்று கடும் விளைவுகளைத் தரக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும், நெடுநேரம் வெந்ததாக இருந்தாலும், மாற்றுப் பொருளில் செய்ததையே கொடுப்பேன். சுவையில் இழப்பு மிகக் குறைவாக இருக்கும்போது எதற்கு வம்பு?

விருந்துக்கு வருபவர்களின் நிலைமை தெரியாது என்றால் அவர்கள் தட்டில் கை வைக்கும் முன்பே, "இதில் ஒயின் சேர்த்திருக்கிறேன், இரண்டரை மணி நேரம் வெந்தது" என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். மாத்திரை சாப்பிடுவதையோ கர்ப்பமாக இருப்பதையோ எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு யாரையும் தள்ளக் கூடாது. அதே மேசையில் ஒயின் சேராத உணவு ஒன்றும் இருந்தால், வேண்டாதவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை எடுத்துக்கொள்வார். மீதியை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பும்போது மூடியின் மேல் "ஒயின் உண்டு" என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்குப் போனபின் அதைத் திறக்கப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியாது.